சம்பளம் ஒண்டு, எக்கவுண்ட் மூண்டு: பில் காசை எப்பிடி வேறாக்கிறது?

பில் காசு ஒரு எக்கவுண்ட்ல, செலவுக் காசு இன்னொண்டில, சேமிப்பு வேற ஒண்டில எண்டு வச்சா மாசக் கடைசி இழுபறி குறையும் எண்டு கன பேர் சொல்லுறாங்க. கேட்டுட்டு மூண்டு எக்கவுண்ட் திறந்து, ரெண்டு மாசம் சரியாப் போய், மூணாம் மாசம் பைக் இன்சுரன்ஸ் வர பில் எக்கவுண்ட் காலியாகி, சேமிப்பில இருந்து இழுத்து, கடைசியில "இது நமக்குச் சரிவராது" எண்டு விட்ட ஆக்களும் கன பேர் இரிக்கிறாங்க. அங்க பிழைச்சது எக்கவுண்ட் இல்ல, பில் எக்கவுண்டுக்கு மாசம் எவ்வளவு போகணும் எண்ட கணக்கு. இந்தக் கட்டுரை முக்கியமா அந்தக் கணக்கைப் பத்தினது. அது சரியா வந்தா மத்த ரெண்டும் பெரிய பாடில்ல.

## முதல்ல, ஒரே எக்கவுண்ட்ல என்ன பிரச்சினை?

25ஆம் திகதி சம்பளம் விழுது, ஏடிஎம் சீட்டில ஒரு லட்சத்துக்கு மேல காட்டுது எண்டு வைப்பம். அந்த எண்ணுக்குள்ள மூண்டு வித காசு கலந்து கிடக்கு. ஒண்டு, ஏற்கனவே வேற ஆளுக்குச் சொந்தமான காசு, அதாவது லீசிங், கரண்ட், வான், ரியூஷன், சீட்டு. நாம இன்னும் கட்டல்ல, அவ்வளவுதான். ரெண்டாவது, இந்த மாசம் சாப்பாட்டுக்கும் சந்தைக்கும் பெற்றோலுக்கும் போற காசு. மூணாவது, மிச்சம் இருந்தா மிஞ்சுறது. ஏடிஎம் இதைப் பிரிச்சுக் காட்டாது, ஒரு எண்ணைத்தான் காட்டும், அந்த எண்ணைப் பாத்துத்தான் நாம கடையில நிண்டு முடிவெடுக்கிறம்.

அதால முதல் பத்து நாள் கை தாராளமா இருக்கும், பில் எல்லாம் வந்து விழுற நேரம் மூச்சு முட்டும். எக்கவுண்ட்டைப் பிரிக்கிறதுக்கு ஒரே நோக்கம்தான்: கையில இருக்கிற கார்டுக்குப் பின்னால தெரியிற எண், உண்மையிலேயே செலவழிக்கக் கூடிய எண்ணா இருக்கணும்.

மூண்டுக்கும் வேலையைச் சுருக்கமாச் சொன்னா:

1. பில் எக்கவுண்ட். திகதியும் தொகையும் ஓரளவு முன்கூட்டித் தெரிஞ்ச எல்லாம் இதுக்குள்ளால. மாசாமாசம் வாறதும் சரி, வருசத்துக்கு ஒருக்கா வாறதும் சரி.
2. செலவு எக்கவுண்ட். நாளாந்தம். கார்ட் இதுக்கு மட்டும். இது சைபர் ஆகலாம், ஆகினா ஒண்டும் துண்டிபடாது.
3. சேமிப்பு எக்கவுண்ட். எப்ப வரும் எண்டு தெரியாத விசயத்துக்கு. ஆஸ்பத்திரி, மாரி மழைக்குக் கூரை ஒழுகிறது, வேலை நிக்கிறது.

ரெண்டாவதையும் மூணாவதையும் விட முதலாவதில்தான் ஆக்கள் குழம்புறது, ஏனெண்டா வருசத்துக்கு ஒருக்கா வாற செலவை "எதிர்பாராத செலவு" எண்டு நினைச்சு சேமிப்புப் பக்கம் தள்ளி விடுறாங்க. சித்திரை வருசம் எதிர்பாராம வாற சாமான் இல்ல. ஒவ்வொரு வருசமும் அதே ஏப்ரல்லதான் வருது.

## பில் எக்கவுண்டுக்கு மாசம் எவ்வளவு?

ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுப்பம். களுவாஞ்சிகுடிப் பக்கம், ரெண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம், ஒரு மோட்டார் சைக்கிள். எல்லாம் பிடிச்சு கைக்கு வாற சம்பளம் 110,000 ரூபா. மனிசி வீட்டில தையல், அந்தக் காசு மாசத்துக்கு மாசம் மாறும், அதால அதை இந்தக் கணக்குக்குள்ள எடுக்கல்ல. தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு, உங்கட வீட்டுத் தொகையைப் போட்டுப் பாருங்க.

அ. மாசாமாசம் போறது

1. கரண்ட் 4,200
2. தண்ணி 1,200
3. வீட்டு இன்டர்நெட் 3,400
4. ரெண்டு ஃபோன் ரீலோட் 1,700
5. பைக் லீசிங் 14,500
6. சீட்டு 10,000
7. ரியூஷன் 7,000
8. ஸ்கூல் வான் 6,500
9. கேஸ் 2,500

கூட்டினா 51,000.

இதில மூண்டு விசயத்தைக் கொஞ்சம் நிண்டு பாக்கணும்.

கரண்டுக்கு 4,200 எண்டது போன மாசப் பில் இல்ல. கடைசி 12 மாசப் பில்லையும் கூட்டி 12ஆல பிரிச்ச எண். கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல ஃபேன் ராப்பகலா ஓடும், மாரியில அந்தளவு ஓடாது. அதோட கரண்ட் பில் நேர்க்கோட்டில ஏறுற சாமானும் இல்ல, யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டுக்கான விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும், அதால கொஞ்சம் யூனிட் கூடினாலே பில் அதை விடப் பெரிசாப் பாயும். மாரி மாசப் பில்லைப் பாத்து கணக்குப் போட்ட ஆள் ஆனி ஆடியில மாட்டுப்படுவார்.

கேஸ் மாசத்துக்கு ஒரு சிலிண்டர் இல்ல. இந்த வீட்டில ஒரு சிலிண்டர் 45 நாள் ஓடுது, சிலிண்டர் 3,700 எண்டு வச்சா மாசத்துக்கு 2,500 மட்டில. சிலிண்டர் வாங்கின திகதியை அதிலயே சோக்கால எழுதி வச்சா மூண்டு சிலிண்டரில உங்கட வீட்டு எண் தெரிஞ்சிடும்.

சீட்டை ஏன் சேமிப்பில போடாம பில்லில போட்டிரிக்கு எண்டு கேப்பீங்க. கட்டாம விட்டா என்ன நடக்கும் எண்டு பாத்துத்தான் ஒரு காசு எந்தப் பக்கம் எண்டு முடிவெடுக்கணும். சேமிப்பை ஒரு மாசம் விட்டா யாரும் கேக்க மாட்டாங்க. சீட்டை விட்டா சீட்டு நடத்துற தாச்சி வாசல்ல நிப்பா. அதோட முதல்லயே சீட்டை எடுத்தவருக்கு அதுக்குப் புறகு கட்டுறது எல்லாம் உண்மையில கடன் திருப்பிக் கட்டுறதுதான். சீட்டு விழுற மாசம் கைக்கு வாற மொத்தத் தொகை மட்டும் சேமிப்பு எக்கவுண்டுக்குப் போகட்டும்.

ஆ. வருசத்துக்கு ஒருக்கா வாறது

1. ஜனவரி: வருசத் தொடக்கத்துக்கு கொப்பி, சப்பாத்து, பேக், கட்டணங்கள் 30,000
2. ஜனவரி: சோலை வரி 2,400
3. ஜனவரி: தைப்பொங்கல் 8,000
4. ஏப்ரல்: சித்திரை வருசம் 22,000
5. ஜூன்: கோயில் வரியும் அம்மன் சடங்கும் 9,600
6. ஆகஸ்ட்: பைக்குக்கு இன்சுரன்ஸ், புகைப் பரிசோதனை, வருச லைசன்ஸ் எல்லாம் சேர்த்து 9,000
7. நவம்பர்: தீபாவளி 15,000

கூட்டினா 96,000. பன்னிரெண்டால பிரிச்சா மாசம் 8,000.

காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கம் வீடு எண்டா பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பதிலா நோன்புச் செலவும் ரெண்டு பெருநாளும் வரும். அங்க ஒரு சிக்கல் கூட இரிக்கு. பெருநாள் ஒவ்வொரு வருசமும் 10, 11 நாள் முன்னுக்கு வரும், அதால போன வருசக் கலண்டரைப் பாத்துப் போட்ட கணக்கு இந்த வருசம் அப்பிடியே பொருந்தாது, ஒரு சம்பளம் குறைஞ்ச நிலையில பெருநாள் வந்து நிக்கக் கூடும்.

சோலை வரியைப் பத்தி ஒரு வரி. அது காலாண்டுக்குக் கட்டுற சாமான், ஆனா முழு வருசத்துக்கும் ஜனவரி 31க்கு முதல் கட்டினா 10 வீதம் கழிவு இரிக்கு. காசு முன்கூட்டியே வேறாக்கி இருந்தாத்தான் இந்தக் கழிவு கிடைக்கும். தொகை சின்னன்தான், ஆனா எந்த சேவிங்ஸ் எக்கவுண்டும் தராத லாபம் அது.

இப்ப ரெண்டையும் கூட்டினா 51,000 + 8,000 = 59,000. பில் எக்கவுண்டுக்கு மாசம் நிக்க வேண்டிய எண் இதுதான். 51,000 எண்டு போட்ட வீடுதான் மூணாம் மாசம் விழுறது.

## தொடங்குற மாசம்: அதிகம் பேர் தவறுற இடம்

59,000 சரியான எண்தான், ஆனா அதை மட்டும் போட்டுத் தொடங்கினா இன்னும் விழலாம். மாசம் 8,000 சேர்றது ஒழுங்கா நடக்கும், செலவு ஒழுங்கா வராது, ஜனவரியில மட்டும் 40,400 ஒண்டா வந்து விழுது. அதுக்கு முதல் எத்தின 8,000 சேந்திருக்கும் எண்டது நீங்க எந்த மாசம் தொடங்கினீங்க எண்டதைப் பொறுத்தது.

செப்டம்பர் 25 சம்பளத்தோட தொடங்கினா எப்பிடிப் போகும் எண்டு நடந்து பாப்பம். வருசச் செலவுக்கான 8,000 மட்டும் கணக்கு.

1. செப்டம்பரும் ஒக்டோபரும் போட்டா 16,000. நவம்பர்ல தீபாவளிக்கு 15,000 போனா மிச்சம் 1,000.
2. நவம்பர், டிசம்பர் போட்டா 17,000.
3. ஜனவரியில 40,400 வேணும். 23,400 குறையுது.

இதுக்குப் புறகு ஏப்ரல்லயும் ஜூன்லயும் ஆகஸ்ட்லயும் திரும்பக் குறையும், ஆனா ஜனவரியை விடக் கீழ போகாது. முழு வருசத்திலயும் ஆகக் கீழ போற புள்ளி அந்த 23,400தான். அப்பிடியெண்டா செப்டம்பர்ல தொடங்குற வீடு முதல்லயே 23,400ஐ பில் எக்கவுண்ட்ல போட்டு வைக்கணும், சும்மா ஒரு 24,000 எண்டு வைங்க. அதுக்குப் பேர் முதல்காசு எண்டு வைப்பம். அது செலவழிஞ்சு போற காசு இல்ல, வருசம் முடிய அடுத்த ஆகஸ்ட் சம்பளத்தோட திரும்ப 24,000ஆ அங்கேயே நிக்கும்.

அதே வீடு சித்திரை வருசம் கொண்டாடி முடிஞ்சு ஏப்ரல் 25 சம்பளத்தோட தொடங்கினா கதை வேற. டிசம்பர் வரைக்கும் 9 தரம் 8,000, அதாவது 72,000 சேந்திருக்கும். அதுக்குள்ள ஜூன், ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி எல்லாம் சேத்துப் போறது 74,000. குறையிறது வெறும் 2,000. ஒரே வீடு, ஒரே செலவு, தொடங்குற மாசம் மட்டும் மாற முதல்காசு 24,000ல இருந்து 2,000க்கு இறங்குது.

உங்கட வீட்டுக்கு இதைப் பாக்க பெரிய மென்பொருள் ஒண்டும் தேவையில்ல. சுவர்க் கலண்டரில பெரிய செலவு வாற மாசங்களைக் குறிச்சு, ஒரு கொப்பியில மாசம் மாசமா கூட்டிக் கழிச்சுப் போனா ஆகக் கீழ வாற எண் தெரியும். எந்த மாசம் தொடங்கினா அந்த எண் சின்னனா வருதோ அது நல்ல மாசம். பெரும்பாலும் உங்கட ஆகப் பெரிய செலவு முடிஞ்ச அடுத்த சம்பளமா இருக்கும். காத்திருக்க ஏலாட்டி தையல் காசு, போனஸ், விழுந்த சீட்டு எண்டு ஏதாவது ஒண்டை முதல்காசுக்குப் போடுங்க, சேமிப்புக்கு முதல் இதுக்கு.

## எந்த எக்கவுண்ட்ல சம்பளம் விழணும்?

கன பேர் சம்பளம் விழுற எக்கவுண்ட்டையே செலவு எக்கவுண்டா வச்சுக்கொண்டு, பில் காசை அங்க இருந்து வேற ஒண்டுக்கு மாத்தப் பாக்கிறாங்க. கையில அந்தக் கார்ட் ஏற்கனவே இருக்கிறதால அப்பிடி நினைக்கிறது இயல்பு. ஆனா திருப்பிச் செய்யிறதுதான் நல்லது: சம்பளம் விழுற எக்கவுண்ட்டே பில் எக்கவுண்டா இருக்கட்டும், செலவுக் காசை அங்க இருந்து வெளிய அனுப்புங்க. காரணம் ரெண்டு.

ஒண்டு, மறதி. மாத்த மறந்த மாசம் என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. சம்பளம் பில் எக்கவுண்ட்ல கிடந்தா, செலவுக்குக் காசில்லாம நீங்களே ரெண்டு நாளில ஞாபகப்படுத்திக்கொள்ளுவீங்க. சம்பளம் செலவு எக்கவுண்ட்ல கிடந்தா, ஞாபகம் வாறது லீசிங் கொம்பனிக்காரர் கோல் எடுக்கிற நேரம்தான்.

ரெண்டு, கடன். பேங்கில சம்பளத்தை வச்சுக் கடன் எடுத்த ஆக்களுக்கு, சம்பளம் அந்த பேங்குக்கே வரணும் எண்டு வேலைத்தலத்தில இருந்து கடிதம் கொடுத்துத்தான் கடனே கிடைச்சிருக்கும். கடன் முடியும் வரைக்கும் அதை மாத்த ஏலா, தவணையும் அதிலதான் வெட்டுப்படும். அது ஏற்கனவே ஒரு பில் எக்கவுண்ட்தான், பேரை மட்டும் நாம வைக்கிறம்.

நடைமுறையில இப்பிடி வரும்:

1. 25ஆம் திகதி 110,000 பில் எக்கவுண்ட்ல விழும். இந்த எக்கவுண்ட் கார்ட் பேர்சில இருக்காது, வீட்டு அலுமாரியில இருக்கும்.
2. 28ஆம் திகதி, பேங்க் மாசாமாசம் தானா மாத்துற ஸ்டாண்டிங் ஓடர்ல 44,000 செலவு எக்கவுண்டுக்கு.
3. அதே நாள் 7,000 சேமிப்புக்கு.
4. மிச்சம் 59,000 அங்கேயே நிக்கும். பில் எல்லாம் ஃபோன்ல இருக்கிற பேங்க் ஆப்பால இங்க இருந்து கட்டுறது.

ஏன் 28, ஏன் 25 இல்ல? சம்பளம் லீவு நாள், போயா நாள் எண்டு ஒரு நாள் தள்ளி விழுந்தா, 25க்குப் போட்ட ஸ்டாண்டிங் ஓடர் காசு இல்லாம திரும்பிடும். சில பேங்க் அடுத்த நாள் திரும்ப முயற்சிக்கும், சில பேங்க் அந்த மாசத்தை அப்பிடியே விட்டுடும், அதுக்கு ஒரு கட்டணமும் வெட்டக் கூடும். போட முதல் கவுண்டரில இதைக் கேட்டுக்கொள்ளுங்க.

## செலவுப் பக்கம்: நாலு கிழமைக் கணக்கும் கடைக் கொப்பியும்

44,000ஐ நாலால பிரிச்சு கிழமைக்கு 11,000 எண்டு எடுத்தா பிழைக்கும். நாலு கிழமை 28 நாள்தான். வருசத்தில 52 கிழமை இரிக்கு, நாலுபடி பன்னிரெண்டு 48, மிச்சம் நாலு கிழமைக்குச் சாப்பாட்டுக் காசு எங்கயிருந்து வரும்? அதால 44,000ஐ பன்னிரெண்டால பெருக்கி 52ஆல பிரிக்கணும், 10,150 மட்டில வரும். வெள்ளிக்கிழமை அதை மட்டும் எடுங்க. நாலு வெள்ளி வாற மாசம் 3,400 மிஞ்சும், அதைச் சேமிப்புக்கு அனுப்பாம செலவு எக்கவுண்ட்லயே விடுங்க, அஞ்சு வெள்ளி வாற மாசத்துக்கு அது வேணும். தொடக்கமே அஞ்சு வெள்ளி மாசமா இருந்தா கொஞ்சம் இடிக்கும், அந்த ஒரு மாசத்துக்குக் கிழமைத் தொகையைக் குறைச்சு எடுக்கிறதைத் தவிர வழியில்ல.

இங்கத்தையில பெரிய ஓட்டை கடைக் கொப்பி. முக்கால்வாசி வீட்டுக்கு தெருமுனைக் கடையில ஒரு கொப்பி இரிக்கு, அரிசி, மா, பால்மா எல்லாம் எழுதி எடுத்து சம்பளத்துக்குக் கட்டுறது. அது இருக்கிற வரைக்கும் செலவு எக்கவுண்ட் காட்டுற எண் பொய். எக்கவுண்ட்ல 20,000 இரிக்கு, கொப்பியில 14,000 ஏறியிருக்கு எண்டா உங்களிட்ட இருக்கிறது 6,000தான். அதை ஏடிஎம் காட்டாது.

இதுக்கு ஆக்கள் செய்யிற பிழை, கொப்பிக் காசையும் பில் பட்டியலில சேக்கிறது. அப்பிடிச் சேத்தா கொப்பிக்கு எல்லையே இல்லாம போயிடும், ஏனெண்டா பில் எக்கவுண்ட் கட்டிக்கொண்டே இருக்கும். கொப்பி செலவுப் பக்கம்தான் இருக்கணும். உடனே நிப்பாட்டவும் ஏலா, நிப்பாட்டுற மாசம் பழைய கொப்பிக்கும் கட்டணும், புது மாசத்துக்கும் கைக்காசா வாங்கணும், ரெண்டு மாசச் செலவு ஒரு சம்பளத்தில விழும். 14,000 கொப்பி எண்டா, மாசம் 3,500 வீதம் குறைச்சு நாலு மாசத்தில இறக்கலாம்: முதல் மாசம் 10,500க்கு மேல எழுத வேணாம் எண்டு கடைக்காரரிட்டயே சொல்லி வைக்கிறது, அடுத்த மாசம் 7,000, அதுக்கடுத்த மாசம் 3,500. அந்த நாலு மாசமும் கிழமைக் காசில அவ்வளவு குறையத்தான் செய்யும், அதை மறைக்க ஏலா.

## சேமிப்பு எங்க இருக்கணும்?

வட்டியைப் பாத்து முடிவெடுக்கிற அளவுக்கு இந்தத் தொகை பெரிசில்ல. ஒரு லட்சம் கிடந்து ஆண்டுக்கு 3 வீத வட்டி எண்டா வருசத்துக்கு 3,000 ரூபா, அதிலயும் பேங்க் வரி பிடிக்கும், 2025 ஏப்ரல்ல இருந்து அது 10 வீதம். வருச வருமானம் 1,800,000க்குக் கீழ இருக்கிற ஆக்கள் பேங்கில ஒரு பிரகடனம் எழுதிக் கொடுத்தா அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம், நம்மட உதாரண வீடு வருசத்துக்கு 1,320,000 எண்டதால அவங்களும் கொடுக்கலாம். வட்டி வேணாம் எண்ட ஆக்களுக்கு இஸ்லாமிய முறை எக்கவுண்ட் இரிக்கு, பிரிக்கிற கணக்கு அதே கணக்குத்தான்.

வட்டியை விட முக்கியமானது, அது வேற பேங்கில இருக்கிறது. காரணம் கை எட்டாம இருக்கிறது மட்டும் இல்ல. கடன் எடுத்த அதே பேங்கில சேமிப்பும் இருந்து, தவணை பிந்திப் போனா, உங்கட மத்த எக்கவுண்ட்ல இருக்கிற காசை எடுத்து அந்தக் கடனுக்குக் கழிக்கிற உரிமை பேங்குக்கு இரிக்கு. எக்கவுண்ட் திறக்கிற நேரம் கையெழுத்து வச்ச படிவத்தில அது எழுதியிருக்கும், யாரும் வாசிக்கிறதில்ல. இன்னும் ஒண்டு, நீங்க கடன் எடுக்காம கூட வேலை செய்யிற ஆளுக்குப் பிணை நிண்டிருந்தாலும் அந்த ஆள் கட்டாம விட்டா இதே நிலை வரலாம். நம்மட பக்கம் ஆளுக்கு ஆள் மாறிமாறிப் பிணை நிக்கிறது சாதாரணம் எண்டதால இதை யோசிச்சுத்தான் பேங்கைத் தெரிவு செய்யணும்.

வேற பேங்க் எண்டா மாசாமாசம் அனுப்ப ஒரு சின்னக் கட்டணம் போகும், பேங்க் ஆப்பால அனுப்பினா 25, 30 ரூபா எண்டு, அது பரவாயில்ல. ஆனா ஒவ்வொரு எக்கவுண்டுக்கும் கார்ட் வருசக் கட்டணம், மெசேஜ் கட்டணம், குறைஞ்ச மீதிக்குக் கீழ போனா வெட்டு எண்டு வேறவேற இரிக்கு. சேமிப்புக்குக் கார்டே எடுக்காதீங்க, பாஸ் புத்தகம் மட்டும் போதும். செலவு எக்கவுண்ட் சைபர் ஆகுற எக்கவுண்ட் எண்டதால குறைஞ்ச மீதி கேக்காத வகையா அது இருக்கணும்.

இன்னொரு குழப்பம்: எக்கவுண்ட் கூடினா பாதுகாப்புக் கூடுமா எண்டு. இலங்கையில வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில 1,100,000 ரூபா வரைக்கும். அதே பேங்கில நாலு எக்கவுண்ட் திறந்தாலும் நாலையும் கூட்டித்தான் அந்த எல்லை. தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசாங்க உத்தரவாதம் தனியா இரிக்கு.

மாசம் 7,000 போட்டா ஒரு மாசப் பில் தொகையான 59,000 சேர எட்டரை மாசம் மட்டில எடுக்கும். அது சேரும் வரைக்கும் நிலையான வைப்பில போட வேணாம், இடையில உடைச்சா வட்டி குறைஞ்சிடும்.

## சரியா ஓடுதா எண்டு எப்பிடித் தெரியும்?

சம்பளத்துக்கு முதல் நாள், 24ஆம் திகதி, பில் எக்கவுண்ட் மீதியைப் பாருங்க. மாசப் பில் எல்லாம் அதுக்குள்ள போயிருக்கும், நிக்க வேண்டியது வருசச் செலவுக்குச் சேர்ற காசு மட்டும். ஏப்ரல்ல 2,000 முதல்காசோட தொடங்கின வீட்டுக்கு செப்டம்பர் 24ல அஞ்சு தரம் போட்ட 40,000ம் அந்த 2,000மும் இருந்து, ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் போன 18,600 கழிஞ்சு, 23,400 நிக்கணும். கரண்டும் கேஸும் சராசரி எண்டதால 3,000, 4,000 அங்க இங்க ஆடும், அது பயப்படுற விசயமில்ல. 12,000தான் நிக்குது எண்டா ஏதோ ஒரு மாசப் பில் கூடியிருக்கு, இல்லாட்டி பட்டியலில இல்லாத ஒண்டு அதுக்குள்ளால போயிருக்கு, ஸ்டேட்மென்டில தேடலாம்.

அந்த 24ஆம் திகதி மீதியைப் பாத்து "ஓ, 23,000 மிச்சம் இரிக்கு" எண்டு ஃபோன் மாத்தப் போறதுதான் இந்த முறையில நடக்கிற ஆக வழக்கமான விபத்து. அது மிச்சமில்ல, ஜனவரிச் சப்பாத்து.

மற்ற சோதனை சேமிப்பில. மூண்டு மாசம் தொடர்ந்து சேமிப்பில இருந்து செலவு எக்கவுண்டுக்குக் காசு திரும்பி வந்திருந்தா, 44,000 எண்ட எண் அந்த வீட்டுக்குக் காணாது எண்டு அர்த்தம். அப்ப சேமிப்பை 3,000க்கு இறக்கி செலவை 48,000 ஆக்கிறது, 7,000 போட்டு 5,000 திருப்பி எடுக்கிறதை விட நேர்மையான கணக்கு. பில் தொகையே சம்பளத்தைத் தாண்டுது எண்டா எக்கவுண்ட் பிரிச்சு ஒண்டும் ஆகாது, லீசிங்கையோ சீட்டையோ குறைக்கிறதுதான் இரிக்கு.

## மாசச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு

வேளாண்மை செய்யிற வீட்டுக்கு பெரும்போகக் காசு மாசி பங்குனியிலயும், தண்ணி கிடைக்கிற இடத்தில சிறுபோகக் காசு ஆவணிப் பக்கமும் மொத்தமா வரும். அங்க அதே மூண்டு எக்கவுண்ட்தான், வரிசை மட்டும் மாறும். நெல்லுக் காசு முதல்ல சேமிப்பு எக்கவுண்டுக்கு. அதில அடுத்த போகத்துக்கு விதைநெல், உழவு, பசளை, மருந்து, வெட்டுக்கூலி எண்டு வேணுமான தொகையை முதல்ல ஒதுக்கணும், அதைத் தொட்டா அடுத்த போகம் கடைக்காரரிட்டக் கடனுக்குப் பசளை எடுத்து நெல்லை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டி வரும். மிச்சத்தை அடுத்த காசு வரும் மாசம் வரைக்குமான மாசங்களால பிரிச்சு, ஒவ்வொரு மாசமும் 25ஆம் திகதி சம்பளம் மாதிரி பில் எக்கவுண்டுக்கு அனுப்புறது. பிரிக்கிற நேரம் ஒரு மாசத்தைக் கூட்டிப் பிரிங்க, ஆறு மாசம் எண்டா ஏழால. வெட்டு பிந்தும், மழை வரும், நெல் வித்த காசு கைக்கு வரவும் நாள் எடுக்கும்.